ஜெர்மன் கடைக்கு ஒரு முகவரித் திருத்தம்

வெளிநாட்டு இணையக் கடையில் பணம் கட்டி முடித்த பிறகு, கொடுத்த முகவரி தவறு என்று தெரிந்தால், அதைத் திருத்த வாங்கியவருக்கு இருக்கும் நேர்வழி கடைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவதுதான். ஐந்தாறு வரியில் முடிந்துவிடும் கடிதம் அது. பெரும்பாலும் அதே கடிதத்திலேயே இன்னொரு கோரிக்கையும் சேர்ந்துகொள்ளும்: பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கிங் தகவல்கள் புரியாத மொழியில் வருகின்றன, அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்பது. முதல் கோரிக்கைக்குக் கெடு உண்டு. சில மணி நேரம் தவறினாலும் பலிக்காமல் போகலாம். இரண்டாவதற்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் கெடு முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்பதைச் சொல்வது அந்தப் புரியாத மொழியில் வரும் தகவல்தான் என்பதால், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

கர்நாடக இசையில் வயலின் வாசிப்பவர்கள் பலர் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் செய்யப்படும் தந்திகளை வரவழைத்துப் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒருவர் ஜெர்மனியிலுள்ள ஓர் இசைக்கருவிக் கடையின் தளத்தில் ஒரு செட் தந்தி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு சென்னை கே.கே. நகரில் குடியிருந்தவர், இப்போது மதுரைக்கு வந்துவிட்டார், இங்கேயும் கே.கே. நகர். முகவரிப் படிவத்தில் இரண்டெழுத்து அடித்ததுமே பிரவுசர் பழைய முகவரியை நிரப்பிவிடுகிறது. ஊர்ப் பெயரை மட்டும் ‘மதுரை’ என்று மாற்றியவர், பின்கோடு பழையபடி 600078 என்றே இருப்பதைக் கவனிக்கவில்லை. சரியான எண் 625020. ஆர்டரை உறுதிசெய்து வந்த மின்னஞ்சல் முழுக்க ஜெர்மன் மொழியில் இருந்தாலும், முகவரி மட்டும் படிக்க முடிகிற எழுத்தில் இருந்ததால் பிழை கண்ணில் பட்டது.

ஆறு இலக்கத்தில் நேர்ந்த இந்தத் தவறு சின்னது அல்ல. இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்கள், தபால் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. 600 என்றால் சென்னை, 625 என்றால் மதுரை. கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தைக் குறிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல் சுங்கத்தைக் கடந்த பிறகு பிரிக்கப்படுவது இந்த எண்ணை வைத்துத்தான். ஊர்ப் பெயரைப் படித்துப் பார்க்கும் கை அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. ஆகவே மேலே சொன்ன தந்திப் பொட்டலம் சென்னை கே.கே. நகருக்கே போய்ச் சேரும். அங்கே தெருவின் பெயரும் கதவு எண்ணும் பொருந்தாமல் நிற்கும். கே.கே. நகர் திருச்சியிலும் உண்டு. அண்ணா நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. பகுதிப் பெயர்கள் இப்படி ஊருக்கு ஊர் திரும்ப வரும் மாநிலத்தில், பின்கோடு தவறினால் மற்ற வரிகளால் அதை ஈடுகட்ட முடிவதில்லை.

உள்ளூர் தபால் நிலையத்தில் சொல்லி வைத்தால் போதாதா என்ற கேள்வி எழும். போதாது. உலகத் தபால் ஒன்றியம் என்பது 1874-இல் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, நாடுகளுக்கிடையே தபால் பரிமாற்றத்தை நெறிப்படுத்தும் அமைப்பு. அதன் உடன்படிக்கைப்படி, ஒரு தபால் பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்படும் வரை அனுப்பியவருக்கே சொந்தம். வாங்கியவர் பணம் கட்டிவிட்டார் என்பதால் இந்த நிலை மாறுவதில்லை. வழியில் இருக்கும் பொருளைத் திரும்பப் பெறவும், அதன் முகவரியைத் திருத்தவும் கேட்கும் உரிமை அனுப்பியவருக்குத்தான் உண்டு; அதற்கென `CN 17` என்ற படிவமும் இருக்கிறது. நம் வயலின் தந்தி விஷயத்தில் அனுப்பியவர் ஜெர்மன் கடை. முகவரியைத் திருத்தும் அதிகாரம் கடையிடம் இருப்பதால்தான் கடிதமும் கடைக்கே போக வேண்டியிருக்கிறது. இந்தியாவிலுள்ள தபால் நிலையத்துக்கோ கூரியர் அலுவலகத்துக்கோ முதலில் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து நாளைக் கழிப்பவர்கள், கடையில் வேலை எளிதாக முடிந்திருக்கக்கூடிய நேரத்தை இழந்துவிடுகிறார்கள்.

கடைக்குள் ஓர் ஆர்டர் நகரும் விதத்தைத் தெரிந்துகொண்டால், அந்த நேரம் எப்போது முடிகிறது என்பது விளங்கும். பணம் வந்ததும் ஆர்டர் ஒரு பட்டியலில் சேர்கிறது. கிடங்கில் இருப்பவர் பொருளை எடுத்து வைக்கிறார். பிறகு கணினி, ஆர்டரில் பதிவான முகவரியை எடுத்து லேபிளாக அச்சிடுகிறது. இந்த நொடிதான் முக்கியம். லேபிளோடு ஒரு டிராக்கிங் எண்ணும் பிறக்கிறது. பெறுபவர் பெயர், முகவரி, பொருளின் விவரம், விலை எல்லாம் தபால் நிறுவனத்துக்கு மின்வழியாகப் போய்விடுகின்றன. பொருளோடு ஒட்டும் சுங்க அறிவிப்பிலும் அதே முகவரி ஏறுகிறது. விலை குறைந்த பொருள்களுக்கு `CN 22` என்ற சிறு தாளும், கூடியவற்றுக்கு `CN 23` என்ற விரிவான படிவமும் இதற்கு உண்டு. அச்சிடுவதற்கு முன் முகவரியை மாற்றுவது, கடை ஊழியருக்குத் திரையில் ஒரு கட்டத்தைத் திருத்துகிற வேலை. அச்சிட்ட பிறகோ, லேபிளை ரத்து செய்து, சுங்கத் தாளைக் கிழித்து, புதிதாக எல்லாவற்றையும் செய்ய வேண்டும். வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அதற்கும் வழியில்லை.

ஆர்டர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கடையின் பக்கமும் தபால் நிறுவனத்தின் பக்கமும் காட்டும். ஜெர்மன் கடையானால் அங்கே தெரியும் சொற்களும் ஜெர்மன். `In Bearbeitung` என்று இருந்தால் ஆர்டர் இன்னும் கடைக்குள் கையாளப்படுகிறது. திருத்த நேரம் இருக்கிறது என்று நம்பலாம். `Die Sendung wurde elektronisch angekündigt` என்ற நீண்ட வாக்கியம் தபால் நிறுவனத்தின் பக்கத்தில் வந்துவிட்டால், பொட்டலத்தின் விவரங்கள் மின்வழியாகத் தரப்பட்டுவிட்டன என்று பொருள். அதாவது லேபிள் அச்சாகிவிட்டது, ஆனால் பெட்டி தபால்காரர் கைக்கு வந்ததாக இன்னும் பதிவாகவில்லை. பலர் இதைப் பார்த்துவிட்டு ‘பார்சல் கிளம்பிவிட்டது’ என்று முடிவுகட்டிக் கைவிடுகிறார்கள். அது சரியல்ல. பெட்டி கடையின் மேசை மேலேயே இருக்கக்கூடிய நேரம் இது. தொலைபேசியில் ஒரு வார்த்தை, அல்லது கடைத் தளத்தின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி, பலன் தரக்கூடிய கடைசிக் கட்டம். `Versandt` என்று கடை அறிவித்த பிறகு, பெட்டி பெரும்பாலும் கடையைத் தாண்டியிருக்கும்.

கடிதம் எழுதும் நேரமும் இதனோடு சேர்ந்தது. கோடையில் ஜெர்மனியின் கடிகாரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் நாலரை மணி. இந்தியாவில் காலை பத்து மணிக்கு அனுப்பும் கடிதம், அங்கே பொழுது விடியும் வேளையில் போய்க் காத்திருக்கும். ஊழியர் வந்ததும் முதலில் திறப்பவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கும். இரவு எட்டு மணிக்கு எழுதினால் அங்கே மாலையாகி, அன்றைய பெட்டிகள் வண்டியேறியிருக்க வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகளுக்குப் பொதுவான விடுமுறை. எனவே ஞாயிறன்று பிழையைக் கண்டவர் பதற வேண்டியதில்லை. திங்கள் காலை அங்கே வேலை தொடங்கும் முன் கடிதம் சேர்ந்திருந்தால் போதும்.

அடுத்தது எந்த முகவரிக்கு அனுப்புவது என்பது. ஆர்டர் உறுதிக் கடிதத்துக்கு அப்படியே பதில் எழுதுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அந்தக் கடிதம் `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து வந்திருந்தால், பதில் யார் கண்ணிலும் படாது. ஜெர்மன் வணிகத் தளம் ஒவ்வொன்றும், நிறுவனத்தின் பெயர், முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றை `Impressum` என்ற பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தளத்தின் அடிப்பகுதியில் அதற்கான இணைப்பு இருக்கும். வாடிக்கையாளர் உதவிக்குத் தனி முகவரி இருந்தால் அதற்கும், இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் உள்ளதற்கும் எழுதலாம்.

அனுப்பும் மின்னஞ்சல் முகவரி, ஆர்டர் போட்டபோது கொடுத்த அதே முகவரியாக இருப்பது அவசியம். வேறொருவரின் ஆர்டர் எண்ணைத் தெரிந்துகொண்டு, பொருளைத் தன் முகவரிக்குத் திருப்பிவிடப் பார்ப்பது இணைய வணிகத்தில் பழகிய மோசடி. அதனால் பதிவில் இல்லாத முகவரியிலிருந்து வரும் திருத்தக் கோரிக்கையைக் கவனமுள்ள கடை ஏற்பதில்லை. ஆர்டர் எண், வாங்கியவர் பெயர், ஆர்டர் போட்ட தேதி ஆகிய மூன்றும் கடிதத்தில் இருந்தால் கடை சரிபார்த்துக்கொள்ளும். தேதியில் மாதத்தைப் பெயரால் எழுத வேண்டும். 5/6 என்பது ஒருவருக்கு ஜூன் ஐந்து, இன்னொருவருக்கு மே ஆறு. கார்டு எண்ணையோ கடவுச்சொல்லையோ இதில் எழுதத் தேவை எதுவும் இல்லை, எழுதவும் கூடாது.

பொருள் வரியில் ஆர்டர் எண்ணும் ‘முகவரித் திருத்தம்’ என்பதும் இருக்க வேண்டும். கடைக்கு வரும் கடிதங்கள் வந்த வரிசையில் மட்டும் திறக்கப்படுவதில்லை. பொருள் வரியைப் பார்த்து அவசரமானவற்றைப் பிரித்து எடுப்பார்கள். எடுத்துக்காட்டாக இப்படி:

```
URGENT: Order 48213 - delivery address correction
```

மொழி மாற்றம் பற்றிய கோரிக்கை இந்த வரியில் வர வேண்டாம். இரண்டு விஷயம் உள்ள கடிதத்தில் எளிதானதை முடித்துவிட்டு, ‘முடிந்தது’ என்று மூடிவிடும் பழக்கம் எல்லா உதவி மையங்களிலும் உண்டு. மொழியை மாற்றிக் கொடுத்துவிட்டு, முகவரியைத் தொடாமல் விட்டால் கடிதம் எழுதியதே வீண். அவசரமானது தலைப்பிலும் கடிதத்தின் முதல் வரியிலும் நிற்க வேண்டும்; மற்றது கடைசியில், தனிப் பத்தியாக.

கடிதத்தின் உடலில் பலர் செய்யும் பிழை, மாற வேண்டியதை மட்டும் சொல்வது. ‘பின்கோடு தவறு, 625020 என்று மாற்றவும்’ என்று எழுதினால், எழுதியவருக்கு எல்லாம் விளங்கும், படிப்பவருக்கு விளங்காது. ஜெர்மன் பின்கோடு ஐந்து இலக்கம். ஊர்ப் பெயருக்கு முன்னால் எழுதப்படுவது. இந்திய முகவரியில் எது தெரு, எது பகுதி, எது ஊர் என்று அந்த ஊழியருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே தவறான முகவரியை முழுதாக ஒருமுறையும், சரியான முகவரியை முழுதாக ஒருமுறையும், லேபிளில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே வரி வரியாகத் தருவது நல்லது. ஊழியர் செய்ய வேண்டியது புதியதை எடுத்துப் பழையதன் மேல் ஒட்டுவது மட்டுமாக இருக்க வேண்டும். பெயர், கதவு எண், தெரு ஆகியவற்றுக்குக் கீழே வரும் வரிகள் இந்த அமைப்பில் இருக்கும்:

```
K.K. Nagar
MADURAI 625020
TAMIL NADU
INDIA
```

நாட்டின் பெயர் கடைசி வரியில், பெரிய எழுத்தில். ஜெர்மனியில் பெட்டியைப் பிரிப்பவர் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். மேலே உள்ள எல்லாம் இந்தியாவில் உள்ளவர்களுக்கு.

வரியின் நீளத்திலும் கண் வைக்க வேண்டும். லேபிள் அச்சிடும் மென்பொருள்கள் பலவற்றில் ஒரு வரிக்கு 35 எழுத்து போல ஒரு வரம்பு இருக்கிறது. `Sri Lakshmi Ganapathi Apartments, Second Floor` என்பது 46 எழுத்து. 35-இல் வெட்டினால் மாடி எது என்பது காணாமல் போகும். இப்படி வெட்டுப்பட்டதை வாங்கியவர் அறிவதற்கும் வழியில்லை, ஏனென்றால் கடையின் உறுதிக் கடிதத்தில் முகவரி முழுதாகத்தான் தெரியும். நீண்ட அடுக்ககப் பெயரையும் மாடி எண்ணையும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதுவதே தீர்வு. ‘பிள்ளையார் கோயிலுக்கு எதிரில்’ போன்ற அடையாளக் குறிப்பு, இடம் மிஞ்சினால் மட்டும். கதவு எண்ணைத் தள்ளிவிட்டு அது உள்ளே வரக் கூடாது. தொலைபேசி எண்ணை +91 சேர்த்துத் தனி வரியில் தர வேண்டும். பொருள் தபாலில் வராமல் கூரியரில் வருவதானால், சுங்கத்துக்காகப் பெறுபவரின் அடையாள ஆவணத்தைக் கூரியர் நிறுவனம் கேட்கும். அதனால் லேபிளில் உள்ள பெயர் அந்த ஆவணத்தில் உள்ளபடி இருப்பது பின்னால் வரும் தாமதத்தைத் தவிர்க்கும். முதலெழுத்தோடு பெயர் எழுதும் நம் வழக்கம், முதற்பெயர் என்றும் குடும்பப் பெயர் என்றும் இரண்டு கட்டம் வைத்திருக்கும் படிவங்களில் இடறும் இடம் இது.

இன்னொரு வரி அவசியம்: மாறுவது பொருள் சேர வேண்டிய முகவரி மட்டுமா, பணம் கட்டியவரின் முகவரியும் மாறுகிறதா என்பது. கார்டோடு இணைந்த முகவரி வேறாக இருக்கலாம். அதைச் சொல்லாவிட்டால் ஊழியர் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட, பில்லில் குழப்பம் வரும்.

மொழி பற்றிய கோரிக்கையைச் சரியாக வைக்க, டிராக்கிங் தகவல் மூன்று தனி இடங்களிலிருந்து வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, கடை அனுப்பும் மின்னஞ்சல்கள். ஆர்டர் போட்ட நேரத்தில் தளம் எந்த மொழியில் திறந்திருந்ததோ அந்த மொழி, வாடிக்கையாளரின் பதிவில் `de` அல்லது `en` போன்ற இரண்டெழுத்துக் குறியாகப் பதிந்துவிடுவது கடை மென்பொருள்களின் வழக்கம். அடுத்தடுத்து வரும் கடிதங்கள் எல்லாம் அந்தக் குறியைப் பார்த்து அதே மொழியில் புறப்படும். வாங்கியவர் பிறகு தளத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பதால் அது மாறுவதில்லை. கடை ஊழியர்தான் பதிவில் மாற்ற வேண்டும். இரண்டாவது, கடைத் தளத்தில் உள்ள ஆர்டர் நிலைப் பக்கம். இதில் மொழி மாற்றும் பொத்தான் இருந்தால் வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, தபால் அல்லது கூரியர் நிறுவனத்தின் பக்கம். அது கடையின் கட்டுப்பாட்டிலேயே இல்லை. அதை மாற்றச் சொல்லிக் கடையிடம் கேட்பதில் பயனில்லை. அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் மொழித் தேர்வு இருக்கும். சில தளங்களில் இணைப்பில் உள்ள `de` என்பதை `en` என்று மாற்றினாலே ஆங்கிலப் பக்கம் திறக்கும்.

கடையில் என்ன மொழி இருக்கிறதோ அதைத்தான் கேட்க முடியும். தமிழுக்கும் `ta` என்ற குறி உலகத் தரத்தில் உண்டு. ஆனால் ஜெர்மன் கடைகள் தங்கள் கடிதங்களைத் தமிழில் எழுதி வைத்திருப்பதில்லை, ஆகவே கேட்க வேண்டியது ஆங்கிலம். தபால் வழியாக வரும் பொருளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பன்னாட்டு டிராக்கிங் எண் பதின்மூன்று குறிகள் கொண்டது: முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஜெர்மனி என்றால் `DE`. இந்த அமைப்பில் எண் இருந்தால், பொட்டலம் இந்தியாவை அடைந்த பிறகு அதே எண்ணை இந்திய அஞ்சல் துறையின் தளத்தில் இட்டு ஆங்கிலத்தில் நிலையைப் பார்க்கலாம்.

இவ்வளவையும் உள்ளடக்கிய கடிதம் உண்மையில் மிகச் சின்னது. எளிய ஆங்கிலத்தில், குட்டி வாக்கியங்களாக எழுதப்படுவது. படிப்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல, அவர் அதை மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டுப் படிக்கவும் கூடும். அதன் உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

> வணக்கம்.
>
> என் ஆர்டர் எண் 48213. ஆர்டர் போட்ட நாள் 3 ஜூன். டெலிவரி முகவரியில் பின்கோடு தவறாக உள்ளது. பொருளை அனுப்பும் முன் திருத்த வேண்டுகிறேன்.
>
> தவறான முகவரி: (முழு முகவரி, வரி வரியாக).
>
> சரியான முகவரி: (முழு முகவரி, வரி வரியாக, தொலைபேசி எண்ணுடன்).
>
> பில்லுக்கான முகவரியில் மாற்றம் இல்லை.
>
> பொருள் ஏற்கெனவே கிளம்பியிருந்தால் உடனே தெரிவியுங்கள். திருத்திவிட்டால், லேபிளில் உள்ள புதிய முகவரியைப் பதிலில் எழுதி உறுதிப்படுத்துங்கள்.
>
> இன்னொரு கோரிக்கை: இந்த ஆர்டர் பற்றிய டிராக்கிங் கடிதங்களை ஜெர்மனுக்குப் பதில் ஆங்கிலத்தில் அனுப்ப முடியுமா?
>
> நன்றி.

பிழை எப்படி நேர்ந்தது, வீடு எப்போது மாறியது, பிரவுசர் என்ன செய்தது என்பவை இதில் இல்லை. அவை கடைக்குத் தேவைப்படாதவை. அவற்றுக்கு நடுவே முகவரி மறைந்துபோகும். ‘லேபிளில் உள்ள முகவரியைப் பதிலில் எழுதுங்கள்’ என்ற வாக்கியத்தை மட்டும் விடக் கூடாது. ‘சரி, மாற்றிவிட்டோம்’ என்று வரும் பதில், பதிவில் மாற்றியதைக் குறிக்கலாம். அதற்குள் அச்சான லேபிள் பழையதாகவே இருக்கலாம். முகவரி திரும்ப எழுதப்பட்டு வந்தால்தான் யாரோ ஒருவர் உண்மையில் பார்த்திருக்கிறார் என்று தெரியும்.

அனுப்பிய பிறகு அரை மணிக்கு ஒருமுறை நினைவூட்டல் அனுப்புவது கெடுதலாகவே முடியும். பல உதவி மையங்களில் புதுக் கடிதம் ஒவ்வொன்றும் புதுக் கோரிக்கையாகப் பதிவாகும், அல்லது பழைய கோரிக்கை கடைசிக் கடிதத்தின் நேரத்தைப் பெற்று வரிசையில் பின்னுக்குப் போகும். மறுபடி எழுதியே ஆக வேண்டுமானால், அதே கடிதத் தொடரில் எழுத வேண்டும்.

கடை மறுப்பதும் உண்டு, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால், விற்பவருக்கு அந்நிறுவனம் தரும் பாதுகாப்பு, பணப் பரிமாற்றப் பதிவில் உள்ள முகவரிக்கே பொருளை அனுப்பினால்தான் செல்லும். வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ‘பொருள் வரவில்லை’ என்று புகார் வந்தால், நஷ்டம் கடைக்கு. அதனால் ‘இந்த ஆர்டரை ரத்து செய்கிறோம், சரியான முகவரியோடு மறுபடி ஆர்டர் போடுங்கள்’ என்று சில கடைகள் எழுதும். அதை ஏற்பதே பெரும்பாலும் நல்லது. ஆனால் திரும்பி வரும் பணம், அன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிடப்படும். அயல்நாட்டுச் செலாவணிக்காக வங்கி பிடித்த கட்டணம் திரும்பாமல் போகலாம். சில நூறு ரூபாய் குறைவதைக் கண்டு கடையைக் குற்றம் சொல்வதற்கு முன் வங்கிக் கணக்கறிக்கையைப் பார்க்க வேண்டும்.

முகவரி பற்றிய கடிதப் போக்குவரத்து நடக்கும் இந்த நாள்களில்தான் இன்னொரு ஆபத்தும் நெருங்கி வருகிறது. ‘உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பில் திருத்துங்கள்’ என்று இந்திய அஞ்சல் துறையின் பெயரில் குறுஞ்செய்தி அனுப்பி, கார்டு விவரங்களைப் பறிக்கும் மோசடி நாடெங்கும் பரவியது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அது பொய் என்று எச்சரித்தது. உண்மையிலேயே ஒரு முகவரித் திருத்தத்துக்காகக் காத்திருப்பவர், மற்றவர்களைவிட எளிதாக இதை நம்பிவிடுவார். பிரித்தறியும் வழி இருக்கிறது. உண்மையான திருத்தம் வாங்கியவர் எழுதிய கடிதத்தின் தொடர்ச்சியாக, அவருடைய ஆர்டர் எண்ணோடு வரும். முகவரியை ‘புதுப்பிக்க’ ஒரு சிறு தொகை கட்டச் சொல்லி, ஆர்டர் எண் எதுவும் இல்லாமல் இணைப்போடு வரும் செய்தி எந்த மொழியில் வந்தாலும் திறக்கத் தக்கதல்ல.

கடிதம் போய்ச் சேரும் முன்பே பெட்டி கிளம்பிவிட்டால், மீதமுள்ள வழிகள் சில. பொருள் விலை உயர்ந்ததாக இருந்தால், அனுப்பியவர் என்ற முறையில் கடை தன் நாட்டுத் தபால் நிறுவனத்திடம் `CN 17` படிவத்தில் முகவரித் திருத்தம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, நாளும் ஆகும். கோரிக்கை போய்ச் சேருவதற்குள் பொட்டலம் முந்திக்கொண்டு வந்துவிடுவதும் நடக்கும். ஒரு செட் தந்திக்காக எந்தக் கடையும் அதைச் செய்ய முன்வருவது அரிது. கூரியரில் வந்தால் நிலைமை கொஞ்சம் எளிது. பெறுபவரே முகவரியை மாற்றிக்கொள்ள வசதி தரும் கூரியர் நிறுவனங்கள் இருக்கின்றன. கடை தடை செய்திருந்தால் மட்டும் அது கிடைக்காது.

சாதாரணத் தபாலில் வரும் பொட்டலத்துக்கு நடைமுறையில் பலன் தருவது, டிராக்கிங்கைத் தொடர்ந்து பார்த்து, அது தவறான பட்டுவாடா நிலையத்தை அடையும் நாளில் அங்கே தகவல் சொல்வது. நம் உதாரணத்தில் பொட்டலம் 600078 தபால் நிலையத்துக்கு வந்ததாகப் பதிவாகும் அன்று, டிராக்கிங் எண்ணையும் சரியான பின்கோட்டையும் சொல்லி, மதுரைக்கு அனுப்பிவிடக் கேட்கலாம். முகவரியின் உரிமை பற்றி முன்பு சொன்னதோடு இது முரண்படுவதில்லை: லேபிளில் ஊர் ‘மதுரை’ என்றே அச்சாகியிருப்பதால், இது முகவரியை மாற்றுவது ஆகாது, வழிதவறி வந்ததை லேபிளில் உள்ள ஊருக்கே அனுப்புவதுதான். சென்னையில் பழைய அக்கம்பக்கத்தார் யாராவது இருந்தால், பொட்டலத்தைத் தவறுதலாக வாங்கி வைத்துவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி வைப்பதும் உதவும்; ‘பட்டுவாடா ஆகிவிட்டது’ என்று ஒருமுறை பதிவான பொருளைத் தேடுவது, வழியில் இருப்பதைத் திருப்புவதைவிடக் கடினம்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் பொட்டலம் ஜெர்மனிக்கே திரும்பும். அப்போது மறுபடி அனுப்பும் செலவு யாருடையது என்பதைக் கடையின் விதிமுறைப் பக்கம் சொல்லும். தவறான முகவரி தந்தவர் வாங்கியவர் என்றால், அது பொதுவாக அவருடையது. திரும்பி வந்ததும் பொருளை மறுபடி அனுப்புவதா, பணத்தைத் தருவதா என்று கடை கேட்டு எழுதும். அந்தக் கடிதம் எந்த மொழியில் வரும் என்பது, முதல் கடிதத்தின் கடைசிப் பத்தியில் வைத்த கோரிக்கையைக் கடை நிறைவேற்றியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.